பணி விசா புதுப்பிப்புக் கடிதம்: செலவை யார் ஏற்பது என்று எழுதும் மூன்று முறைகள்

வெளிநாட்டிலிருந்து வந்து பணிபுரியும் ஊழியருக்கு விசா புதுப்பித்தல் குறித்து நிறுவனம் எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். விசா எப்போது முடிகிறது, என்னென்ன ஆவணங்கள் வேண்டும், செலவை யார் ஏற்பது என்ற மூன்றுக்கும் அந்த ஒரு பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும். முதல் இரண்டையும் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் எழுதிவிடுகின்றன. மூன்றாவதற்கு வரும்போது "செலவுகள் நிறுவன விதிமுறைகளின்படி ஏற்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு கடிதம் நின்றுவிடுகிறது. மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகளாக இத்தகைய கடிதங்களை எழுதியும் திருத்தியும் வந்திருக்கிறேன். புதுப்பிப்பு முடிந்த பிறகு எழுந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் தொடங்கியவை என்பதால், அந்த இடத்தில் எழுதக்கூடிய மாற்று முறைகளை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

செலவுக்குப் போகும் முன், தேதியையும் ஆவணங்களையும் எழுதுவதிலும் இரண்டு வகைக் கடிதங்கள் உண்டு. ஒன்று, "தங்கள் விசா செப்டம்பர் 30 அன்று முடிவடைகிறது, கீழ்க்கண்ட ஆவணங்களை விரைவில் சமர்ப்பிக்கவும்" என்று சொல்லி, கடவுச்சீட்டு, நிழற்படம், மருத்துவச் சான்று, கல்விச் சான்று, காப்பீடு என்று வரிசையாக அடுக்குவது. மற்றொன்று, ஒவ்வோர் ஆவணத்தையும் எந்தத் தேதிக்குள், எந்த வரிசையில் தர வேண்டும் என்று சொல்வது. முதல் வகையை எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதைப் படிக்கும் ஊழியர் தமக்கு எளிதாகக் கிடைப்பதை முதலில் செய்வார். அவருக்கு எளிதாகக் கிடைப்பது மருத்துவப் பரிசோதனையாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஒரு கணக்கை வைத்து இதைப் பார்க்கலாம். பணி அனுமதி செப்டம்பர் 30 அன்று முடிகிறது, கடிதம் ஜூன் 1 அன்று தரப்படுகிறது என்றால் கையில் 121 நாட்கள் இருக்கின்றன. தாராளமான அவகாசம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஊழியரின் கடவுச்சீட்டு அடுத்த ஜனவரி 20 அன்று காலாவதியாகிறது. செப்டம்பர் 30 அன்று அதில் மிஞ்சியிருப்பது 112 நாட்கள்தான். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டைக் கேட்கின்றன. வேறு சில நாடுகள் கடவுச்சீட்டு முடியும் தேதியைத் தாண்டிப் பணி அனுமதியை நீட்டிப்பதில்லை. ஆகவே அவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல, தம் நாட்டுத் தூதரகம். புதிய கடவுச்சீட்டு கைக்கு வர ஆறு வாரம் ஆகிறது என்று கொண்டால் ஜூலை நடுப்பகுதி வந்துவிடும். ஜூன் முதல் வாரத்திலேயே எடுத்துவிட்ட மருத்துவச் சான்று மூன்று மாதம் மட்டுமே செல்லுமானால், விண்ணப்பம் செப்டம்பருக்குத் தள்ளிப்போகும் நிலையில் அது பயனற்றதாகிவிடும். அதில் பழைய கடவுச்சீட்டின் எண் அச்சாகியிருந்தால் சிக்கல் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். இரண்டாவது பரிசோதனைக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. வரிசையைச் சொல்லாத கடிதம் தேவையற்ற செலவையும் உண்டாக்குகிறது, அந்தச் செலவுக்குப் பொறுப்பாளி யார் என்ற குழப்பத்தையும் உண்டாக்குகிறது.

இனி செலவு. நடைமுறையில் மூன்று முறைகள் உள்ளன: நிறுவனமே நேரடியாகச் செலுத்துவது, ஊழியர் செலுத்திவிட்டு ரசீது கொடுத்துத் திரும்பப் பெறுவது, நிறுவனம் செலுத்தி, ஊழியர் குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அவரிடமிருந்து பிடித்துக்கொள்வது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு மேலே சட்டம் இருக்கிறது. சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டம் 40ஆம் பிரிவில், வதிவிட அனுமதி, பணி அனுமதி ஆகியவற்றின் கட்டணங்களையும், அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணங்களையும், தாமதத்தால் வரும் அபராதத்தையும் முதலாளியின் பொறுப்பிலேயே வைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், பணியமர்த்தும் செலவுகளைத் தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதைத் தடுக்கிறது. பிரிட்டனில் ஸ்பான்சர் நிறுவனம் செலுத்தும் குடியேற்றத் திறன் கட்டணத்தை ஊழியர்மீது சுமத்தக் கூடாது. ஆனால் ஊழியரின் சொந்த விசா விண்ணப்பக் கட்டணத்தை யார் தருவது என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்காக நிறுவனம் செலுத்தும் பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடம் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே எந்த நாட்டில் கடிதம் எழுதினாலும், அந்த நாட்டுச் சட்டம் நிறுவனத்தின் தலையில் வைத்திருக்கும் செலவுகளை முதலில் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். மூன்று முறைகளையும் ஒப்பிடுவது எஞ்சியவற்றுக்காக மட்டுமே.

நேரடியாகச் செலுத்துவதே எல்லா வகையிலும் சுத்தமான வழி. கட்டணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து போவதால் ரசீதும் நிறுவனத்திடமே இருக்கும். ஊழியர் கைப்பணத்தைத் தேட வேண்டியதில்லை. பணம் இல்லாததால் விண்ணப்பம் தாமதமாகும் பேச்சுக்கே இடமில்லை. இதில் குறை என்று சொன்னால், எல்லாவற்றையும் இப்படிச் செலுத்த முடியாது என்பதுதான். தூதரகக் கடவுச்சீட்டுக் கட்டணம், சொந்த நாட்டில் பெற வேண்டிய காவல்துறை நற்சான்று, பட்டச் சான்றிதழுக்கு வாங்கும் சான்றுறுதி ஆகியவற்றுக்கு ஊழியரோ அவர் குடும்பத்தாரோ நேரில் போய்ப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அந்த இடத்தில் இரண்டாம் முறை நுழைகிறது. காகிதத்தில் அது நியாயமாகவே தெரியும்: செலவு செய்யுங்கள், ரசீது கொடுங்கள், பணம் வந்து சேரும். நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவு ஊழியர் ஒருவர் தம் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்து, அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகு, மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்தார். அவற்றில் இரண்டு வெப்ப அச்சில் எடுத்த ரசீதுகள். எழுத்து முழுவதும் மங்கி வெறும் தாளாகியிருந்தன. கணக்குப் பிரிவு அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. "அண்ணா, நான் கட்டினது பொய்யா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் எழுதிய கடிதத்தில் ரசீதை எப்போது தர வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பிழை என்னுடையது. மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாழும் ஒருவரிடம் முதலில் உங்கள் பணத்தைப் போடுங்கள் என்று சொல்வது, நிறுவனத்துக்கு அவரை வட்டியில்லாமல் கடன் கொடுக்கச் சொல்வதாகும். பலர் அந்தப் பணத்தை வெளியே வட்டிக்கு வாங்கித்தான் கட்டுகிறார்கள். தவிர்க்கவே முடியாத இனங்களுக்கு இம்முறையைக் கையாளுவதானால், முன்பணம் கொடுத்துக் கணக்கைப் பின்னர் நேர்செய்வதே சரியானது. அதுவும் இயலாதபோது, ரசீதின் படத்தைப் பணம் கட்டிய அன்றே அனுப்பினால் போதும் என்றும், எத்தனை வேலை நாட்களுக்குள் பணம் திரும்ப வரும் என்றும் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம் முறை நிறுவனங்களுக்கு மிகவும் பிடித்தது. செலவழித்து விசா எடுத்துக் கொடுத்த மறுமாதமே ஊழியர் வேறிடம் போய்விட்டால் நட்டம் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் இந்த நிபந்தனையை இரண்டு விதமாக எழுதலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. "விசா காலம் முடியும் முன் பணி விலகினால் முழுச் செலவும் பிடித்தம் செய்யப்படும்" என்பது ஒன்று. "எஞ்சிய மாதங்களுக்கு உரிய விகிதத்தில் பிடித்தம் செய்யப்படும்" என்பது மற்றொன்று. செலவு 2,400 என்றும் அனுமதி 24 மாதங்களுக்கு என்றும் வைத்துக்கொள்வோம். 18 மாதம் உழைத்துவிட்டு விலகுபவர் முதல் வாசகத்தின்படி 2,400 தர வேண்டும். இரண்டாவதின்படி மீதமுள்ள ஆறு மாதங்களுக்கு 600 மட்டும் தர வேண்டும். முக்கால்வாசிப் பயனை நிறுவனம் ஏற்கெனவே பெற்றுவிட்ட நிலையில் முழுத் தொகையைக் கேட்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. நிறுவனமே வேலையை முடித்துவைத்தால் பிடித்தம் இல்லை என்ற வரியும், சட்டப்படி நிறுவனத்தின் செலவாக உள்ளவை இந்தக் கணக்கில் சேரா என்ற வரியும் இல்லாவிட்டால், இரண்டாம் வாசகமும் முழுமையானதல்ல. சவூதியிலும் அமீரகத்திலும் மேற்சொன்ன தடைகள் இருப்பதால், அங்கே இம்முறைக்கு இடமே இல்லை என்று கொண்டு எழுதுவதுதான் பாதுகாப்பானது.

குடும்பத்தினரின் விசாவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஊழியருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவருடைய மனைவி, மக்களின் கட்டணத்துக்கும் நீளும் என்று கொள்ள முடியாது. அது பொதுவாக வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கடிதம் இதைப் பற்றி மௌனமாக இருந்தால் ஊழியர் தமக்குச் சாதகமாகவும் கணக்குப் பிரிவு தனக்குச் சாதகமாகவும் படித்துக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து, நான் இப்போது முதலாம் முறையை அடிப்படையாகவும், நேரில் கட்ட வேண்டியவற்றுக்கு முன்பணத்தையும் வைத்துக் கடிதம் எழுதுகிறேன். செலவுப் பத்தி ஏறத்தாழ இப்படி அமையும்:

"தங்கள் பணி அனுமதியையும் வதிவிட அனுமதியையும் புதுப்பிக்கும் அரசுக் கட்டணங்கள், மருத்துவப் பரிசோதனை, காப்பீடு ஆகியவற்றை நிறுவனமே நேரடியாகச் செலுத்தும். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்கும் சான்றுறுதிக்கும் ஜூன் 10க்குள் தங்களுக்கு முன்பணம் வழங்கப்படும். ரசீதின் படத்தைப் பணம் கட்டிய அன்றே அனுப்பிவைத்தால் போதுமானது. ஆவணங்களைத் தாங்கள் ஆகஸ்ட் 1க்குள் ஒப்படைத்த பின் ஏற்படும் தாமதத்துக்கான அபராதம் எதுவாயினும் நிறுவனத்தைச் சேரும். மனைவி, குழந்தைகளின் விசாக் கட்டணம் தங்கள் ஒப்பந்தத்தின்படி தங்கள் பொறுப்பாகும். கடவுச்சீட்டின் அசல், விண்ணப்பத்துக்காக மட்டும் பெறப்பட்டு, ஒப்புகைச் சீட்டில் குறித்துள்ள தேதியில் தங்களிடம் திருப்பித் தரப்படும்."

ஒப்புகைச் சீட்டு பற்றிய கடைசி வரியை நான் ஒருபோதும் விடுவதில்லை. தொழிலாளரின் அடையாள ஆவணங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்வதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. விசா வேலைக்கென்று வாங்கிய கடவுச்சீட்டு அலுவலகப் பெட்டியிலேயே தங்கிவிடும் நிலை அங்கேதான் கொண்டுபோய் விடும். அபராதம் பற்றிய வரியில் தேதியை வைத்திருப்பதும் காரணத்தோடுதான். அந்தத் தேதிக்கு முன் யார் பொறுப்பு, பின் யார் பொறுப்பு என்பது இரு தரப்புக்கும் ஒரே மாதிரி விளங்கும். சட்டமே அபராதத்தை நிறுவனத்தின்மீது வைத்திருக்கும் நாடுகளில், தேதி எதுவும் குறிப்பிடாமல் அபராதம் முழுவதும் நிறுவனத்தைச் சேரும் என்று எழுதிவிடுவேன்.

கடிதம் இரண்டு படிகளாக, ஊழியர் வாசிக்கும் மொழியிலும் ஒன்று சேர்த்து, கையெழுத்தும் பெற்ற தேதியும் இட்டு வழங்கப்படுகிறது. அவருடைய படியில் நிறுவன முத்திரை இருக்கும். முன்பணம் பெற்றதற்கான வரியும் அதே தாளின் அடியில் இருக்கும்.