வெங்காய மூட்டை விலை பத்தாயிரத்தைத் தாண்டியதும் 7,200 ரூபா போன கதை

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய மொத்தக் கடை. பின்னேரம் ஆனால் சின்ன வெங்காயம் வைத்திருக்கிற ஆட்கள் கோல் எடுத்து, 50 கிலோ மூட்டைக்குத் தங்கள் விலையைச் சொல்வார்கள். அதைப் பதிந்தால் குறைந்த விலையை மேலே பச்சை நிறத்தில் காட்டுகிற மாதிரி ஒரு பெடியனைக் கொண்டு மென்பொருள் செய்வித்தேன். ஆளின் பெயர் வேண்டாம், செய்த வேலையைச் சொல்கிறேன்.

முதல் ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. விலை 8,400, 8,900, 9,100 என்றே போனது. பிறகு வெங்காயம் ஏறியது. ஒருநாள் நான்கு பேர் விலை சொன்னார்கள்: 10,200, 9,600, 10,500, 9,850. பச்சையில் நின்றது 10,200. கடையில் சனம், நான் மற்றதைப் பார்க்கவில்லை. 12 மூட்டை எடுத்தேன். இரவு கணக்குப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. மூட்டைக்கு 600 படி 7,200 ரூபா போய்விட்டது.

மென்பொருள் செய்து தந்தவருக்குக் கோல் எடுத்தேன். "அண்ணை, அது உங்கட பிரவுசர்ப் பிழை. கேஷை அழிச்சிட்டுப் பாருங்கோ" என்றார். அழித்தேன். அதே 10,200.

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற அக்காவின் மகன் வந்து குறியீட்டைத் திறந்தான். விலைகளை ஒரு பட்டியலில் போட்டு, இந்த ஒரு வரியால் அடுக்கியிருந்தது:

```
prices.sort()
```

F12 அழுத்தி, கொன்சோலில் எனக்குச் செய்து காட்டினான்:

```
[10200, 9600, 10500, 9850].sort()
// [10200, 10500, 9600, 9850]
```

உள்ளே இருப்பது எண்தான், ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் `sort()` எப்படி அடுக்குவது என்று நாம் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் எழுத்தாக மாற்றி, அகராதி மாதிரி அடுக்கும். முதல் எழுத்து 1 என்றால் அது 9க்கு முன்னே, மிச்சம் எத்தனை இலக்கம் இருந்தாலும் சரி. 2க்கு முன்னால் 10 வருவதும் இதனால்தான். மொழியின் விதியே அப்படி. எந்த பிரவுசரிலும் இதுதான் வரும், ஆகவே கேஷ் கதை சும்மா சாட்டு. எல்லா விலையும் நான்கு இலக்கமாக இருந்தவரை எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. ஐந்து மாதம் எனக்குத் தெரியாமல் போனது அதனால்.

சரி, ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "திருத்தித் தாறன்" என்று சொல்லி இன்னும் 3,000 ரூபா வாங்கினார். என்னை எரிச்சலாக்கியது இரண்டாவது கதைதான். இப்படி மாற்றியிருந்தார்:

```
prices.sort((a, b) => a > b)
```

தன் லாப்டொப்பில் ஓட்டிக் காட்டினார், 9,600 மேலே வந்தது. கடைக் கணினியில் போட்டால் பழையபடி 10,200. மருமகனுக்குச் சிரிப்பு. அவர் லாப்டொப்பில் ஃபயர்ஃபொக்ஸ், எங்களிடம் குரோம்.

அடைப்புக்குறிக்குள் கொடுக்கிற அந்தச் சிறு வேலை, இரண்டு விலையை வாங்கி, முதலாவது முன்னே போகவேண்டுமென்றால் பூச்சியத்துக்குக் குறைந்த எண்ணையும், பின்னே போகவேண்டுமென்றால் கூடிய எண்ணையும், சமம் என்றால் பூச்சியத்தையும் திருப்பித் தரவேண்டும். `a > b` தருவது ஆம் அல்லது இல்லை, அதாவது 1 அல்லது 0. மைனஸ் ஒருபோதும் வராது. குரோம் மைனஸ் வந்தால்தான் இடம் மாற்றும், வராததால் பட்டியலைப் பதிந்த வரிசையிலேயே விட்டுவிடும். அன்று முதலில் பதிந்தது 10,200, அதுவே பச்சையானது. ஃபயர்ஃபொக்ஸ் வேறு விதமாகக் கேட்பதால் அங்கே தற்செயலாகச் சரிவரும். 2018இல் வந்த குரோம் 70க்கு முன்பு, பத்து வரையான சின்னப் பட்டியலில் குரோமிலும் இது சரிவந்ததாம். பழைய பாடங்களில் பார்த்து எழுதியிருக்கலாம், ஆனால் வாடிக்கையாளரின் கணினியில் ஒருக்கால் ஓட்டிப் பார்க்க என்ன கஷ்டம்?

கடைசியில் மருமகன் எழுதியது இவ்வளவுதான்:

```
prices.sort((a, b) => a - b)
```

9600இலிருந்து 10200ஐக் கழித்தால் -600, ஆகவே 9600 முன்னே. இதிலும் ஒரு பொறி உண்டு. விலையை "10,200" என்று கமாவோடு எழுத்தாகச் சேமித்து வைத்தால் கழித்தல் நடக்காது, `NaN` வரும். `sort` அதைப் பூச்சியமாக எடுத்து, இரண்டும் சமம் என்று விட்டுவிடும். திரையில் பிழைச் செய்தி ஒன்றும் வராது. அதனால் பதியும் இடத்திலேயே கமாவை எடுத்துவிட்டு எண்ணாக மாற்றினான்.

இப்படி ஒன்று செய்வித்தவர்கள் மிச்சக் காசு கொடுக்க முன், 10200, 9600, 10500, 9850 என்று இதே வரிசையில், உங்கள் கணினியில், நீங்களே பதிந்து பாருங்கள். முதலில் 9600ஐப் போட்டால் அந்த இரண்டாவது பிழை ஒளிந்துகொள்ளும்.

3,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டு மூன்று தரம் கோல் எடுத்தேன். "அடுத்த கிழமை தாறன் அண்ணை" என்பது கடைசிப் பதில். இப்போது எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.