கணினியை அணைத்ததும் நின்றுபோகும் மின்னஞ்சல் விதிகள்: ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கண்டவை

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் மின்னஞ்சல்களைக் கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. அங்கே தண்டர்பேர்ட் செயலியின் வடிகட்டிகளைச் சில ஆண்டுகளும், அதன்பின் அஞ்சல் சேவையகத்திலேயே இயங்கும் வடிகட்டிகளைச் சில ஆண்டுகளும் ஒரே கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும்: அனுப்புநர் இன்னார், தலைப்பில் இன்ன சொல், அப்படியானால் இந்தக் கோப்புறைக்கு மாற்று. ஆனால் அந்த விதியை நிறைவேற்றுவது யார் என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

எங்களுக்கு மிக முக்கியமானது கொழும்புத் தேயிலை ஏலத்தின் விலை விபரம். ஏலம் முடிந்த பிறகு தரகர் நிறுவனத்திலிருந்து தொகுதி எண், தரம், கிடைத்த விலை ஆகியவற்றுடன் அந்த மின்னஞ்சல் வரும்; பெரும்பாலும் அலுவலகம் பூட்டிய பிறகே வரும். அதைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, தோட்ட மேலாளருக்கு ஒரு பிரதி அனுப்புமாறு தண்டர்பேர்டில் விதி எழுதியிருந்தோம். பகலில் வரும் மின்னஞ்சல்களுக்கு அது குறையின்றி வேலை செய்தது. மாலையில் கணினியை அணைத்துவிட்டால், அல்லது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரக்கிளை விழுந்து மின்சாரம் போய்விட்டால், விலை விபரம் மற்றக் கடிதங்களோடு உள்பெட்டியிலேயே கிடந்தது. மேலாளருக்குரிய பிரதி மறுநாள் காலை கணினி திறந்த பிறகுதான் புறப்பட்டது. அதில் அனுப்பிய நேரமாகக் காலை எட்டு மணியை ஒட்டிய நேரம் இருக்கும், உள்ளே உள்ள மூல மின்னஞ்சலிலோ முந்தைய நாள் மாலை நேரம் இருக்கும். விதி எங்கே இயங்குகிறது என்பதற்கு இந்த இரண்டு நேரங்களைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

காரணம் எளிது. ஐமேப் என்பது சேவையகத்தில் உள்ள அஞ்சல் பெட்டியைப் பார்க்கவும் அதில் உள்ளவற்றை நகர்த்தவும் உதவும் நெறிமுறை மட்டுமே. அதில் வடிகட்டி விதிகளைச் சேமித்து இயக்கும் வசதி கிடையாது. ஆகவே தண்டர்பேர்டில் எழுதும் விதி அந்தக் கணினியில் `msgFilterRules.dat` என்ற கோப்பில் தங்கிவிடுகிறது. புதிய கடிதம் வந்ததைச் செயலி கண்டால் மட்டுமே அது படிக்கப்படும். தோட்டத்துக் கந்தோருக்கு வரும் தபால் பையைக் கிளாக்கர் வந்து பிரிக்கும்வரை கடிதங்கள் பைக்குள்ளேயே கிடப்பது போலத்தான் இதுவும்; தபால் கந்தோரிலேயே பிரித்துக் கட்டி அனுப்பியிருந்தால் கிளாக்கர் விடுமுறையில் இருந்தாலும் பாதகமில்லை.

இதுவரை சொன்னதைப் பலரும் அறிந்திருப்பார்கள். எங்களை நெடுநாள் குழப்பியது வேறொன்று. மறுநாள் காலையில் செயலியைத் திறந்ததும் தேங்கிக் கிடந்த கடிதங்கள் எல்லாம் ஒதுங்கிவிட வேண்டும். ஆனால் சில ஒதுங்கின, சில அசையவே இல்லை. ஒரே தரகர், ஒரே தலைப்பு, ஒரே விதி. “தம்பி, நேற்று ராத்திரியே நான் போனில் விலையைப் பார்த்துவிட்டேன், இன்னும் அது அந்த இடத்திலேயே கிடக்கிறதே?” என்று எங்கள் டீ மேக்கர் ஒருநாள் கேட்டதில்தான் விடை இருந்தது. தண்டர்பேர்ட், ஐமேப் கணக்கில் புதிய கடிதங்களை எடுக்கும்போது இன்னும் வாசிக்கப்படாதவற்றின் மீது மட்டுமே வடிகட்டிகளை இயக்குகிறது. இரவில் யாராவது தொலைபேசியில் திறந்து பார்த்திருந்தால், சேவையகத்தில் அந்தக் கடிதத்துக்கு ‘வாசிக்கப்பட்டது’ என்ற குறி விழுந்துவிடும். காலையில் செயலி அதை எடுக்கிறது, ஆனால் விதியைப் பொருத்திப் பார்ப்பதில்லை. முக்கியமான கடிதங்களைத்தான் ஆட்கள் இரவிலேயே திறப்பார்கள் என்பதால், எந்தக் கடிதத்துக்காக விதி எழுதினோமோ அதுவே தவறிப்போகிறது.

இதை உறுதிப்படுத்த `Message Filters` சாளரத்தில் உள்ள `Filter Log` போதும். பதிவை இயக்கி வைத்தால், எந்த வடிகட்டி எந்தக் கடிதத்தின் மீது எப்போது செயல்பட்டது என்பது வரிசையாக எழுதப்படும். இரவில் திறக்கப்பட்டவை அந்தப் பதிவில் வராமலே இருந்தன. அதே சாளரத்தில் `Run Now` பொத்தானை அழுத்தினால் வாசிக்கப்பட்டவையும் சேர்ந்து ஒதுங்குகின்றன. ஆகையால் விதியின் நிபந்தனையில் பிழையில்லை, அது அழைக்கப்படவே இல்லை என்பது தெளிவாகும். விதியின் சொற்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதற்கு முன் இந்தப் பதிவைப் பார்ப்பது நல்லது.

எங்கள் அஞ்சல் சொந்த டொமைனில், டவ்கொட் சேவையகத்தில் இருக்கிறது. அதன் வடிகட்டி மொழியின் பெயர் சீவ். அதன் இப்போதைய அடிப்படை வரையறை 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5228. உலாவியில் அஞ்சல் பார்க்க உதவும் ரவுண்ட்கியூப் வலைத்தளத்தில் `Settings` பக்கத்துக்குள் `Filters` என்ற பகுதி தெரிந்தால், பின்னணியில் பெரும்பாலும் இந்தச் சீவ் நிரல்தான் எழுதப்படுகிறது. எங்கள் நிரலின் சாரம் இது. முகவரிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
require ["fileinto", "copy", "imap4flags"];

if allof (address :domain "from" "broker.example",
          header :contains "subject" "Sale Results") {
    addflag "\\Flagged";
    redirect :copy "manager@estate.example";
}
elsif header :contains "subject" "Circular" {
    fileinto "INBOX.Circular";
}
```

கடிதம் பெட்டிக்குள் வைக்கப்படும் அந்தக் கணத்திலேயே இது இயங்குகிறது. எனவே அதற்கு முன்னால் யாரும் தொலைபேசியில் திறந்துவிட வழியே இல்லை; கணினி, மின்சாரம், போயா விடுமுறை எதுவும் குறுக்கிடுவதில்லை. தலைப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் வேலை செய்கிறது. தலைப்புகள் அனுப்பப்படும்போது குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் சீவ் அவற்றை விரித்துப் பார்த்தே ஒப்பிடுகிறது. சுற்றறிக்கைகள் மும்மொழியிலும் வரும் நாட்டில் இது சிறிய வசதி அல்ல.

விலை விபரத்தை வேறு கோப்புறைக்கு மாற்றாமல் நட்சத்திரக் குறி மட்டும் இட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சேவையகமே கடிதத்தை நகர்த்திவிட்டால், தொலைபேசியில் உள்ள பல செயலிகள் அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. அவை வழக்கமாக உள்பெட்டிக்கு மட்டுமே அறிவிப்புத் தருகின்றன. தண்டர்பேர்டிலும் குறிப்பிட்ட கோப்புறையின் `Properties` பகுதியில், புதிய கடிதம் எடுக்கும்போது இதையும் எப்போதும் பார்க்கவேண்டும் என்ற தெரிவை இட்டால்தான் அங்கே வந்தது உடனே தெரியும். அவசரமில்லாத சுற்றறிக்கை நகரட்டும். உடனே பார்க்க வேண்டியது உள்பெட்டியிலேயே இருக்கட்டும் என்பதே எங்கள் வழக்கம். இன்னொன்றும் உண்டு: சேவையகம் நகர்த்திய கடிதங்களைத் தண்டர்பேர்டின் பழைய விதிகள் பார்ப்பதில்லை, ஏனெனில் அவை இயல்பாக உள்பெட்டியை மட்டுமே காவல் காக்கின்றன. ஒரே கணக்கில் இரண்டு வகையும் இருந்தால், சேவையகத்தில் புதிதாக எழுதும் ஒரு விதி கணினியில் உள்ள பழைய விதியைச் சத்தமின்றிச் செயலிழக்கச் செய்துவிடும்.

சீவ் நிரலில் இடர்ப்பாடு தரும் இடம் கோப்புறையின் பெயர்தான். சில சேவையகங்களில் `Circular` என்று எழுதினால் போதும்; எங்களுடையதில் `INBOX.Circular` என்று முன்னொட்டோடு எழுத வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் கடிதம் தொலைவதில்லை, அது உள்பெட்டியில் வைக்கப்பட்டு, பிழை சேவையகத்தின் பதிவில் மட்டும் குறிக்கப்படுகிறது. பயனருக்கோ விதி வேலை செய்யவில்லை என்று மட்டுமே தோன்றும். மேலும், வழக்கமான அமைப்பில் சீவ் புதிதாக வரும் கடிதங்களுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே குவிந்திருக்கும் பழையவற்றை ஒதுக்க `Run Now` இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது.

கணக்குப் பிரிவில் எக்ஸ்சேஞ் கணக்கோடு பழைய வகை அவுட்லுக் பயன்படுத்துகிறார்கள். அங்கே நிலைமை இன்னும் நுட்பமானது, ஏனெனில் ஒரே பட்டியலில் இரு வகை விதிகளும் கலந்திருக்கும். கடிதத்தை அஞ்சல் பெட்டிக்குள் உள்ள கோப்புறைக்கு மாற்றும் விதி சேவையகத்தில் இயங்கும். அதே விதியில் ஒலி எழுப்பு, அச்சிடு, கணினியில் உள்ள தரவுக் கோப்புக்கு மாற்று என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால், முழு விதியும் கணினிக்கு இறங்கிவிடும். பட்டியலில் அந்த விதியின் பெயரோடு `client-only` என்று காட்டும். சேமிக்கும்போது, அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே இது இயங்கும் என்ற எச்சரிக்கையும் வரும். ஆனால் அதை வாசிப்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். மாற்றும் வேலையை ஒரு விதியாகவும் ஒலியை இன்னொரு விதியாகவும் பிரித்துவிட்டால் முதலாவது சேவையகத்திலேயே இருக்கும். முதலாவதில் `stop processing more rules` இருந்தால் இரண்டாவதற்கு முறை வராது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவுட்லுக்கில் பொப் அல்லது ஐமேப் கணக்கு என்றால் இந்தத் தெரிவே இல்லை, எல்லா விதிகளும் கணினியிலேயேதான். ஜிமெயிலில் `Filters and Blocked Addresses` பகுதியில் எழுதுபவை அனைத்தும் சேவையகத்தில் இயங்குபவை.

எந்த அமைப்பாக இருந்தாலும் சோதிக்கும் முறை ஒன்றே. அந்தக் கணக்கு திறந்திருக்கும் எல்லாக் கணினிகளிலும் செயலியை முழுமையாக மூடிவிட்டு, வேறு முகவரியிலிருந்து விதிக்குப் பொருந்தும் கடிதம் ஒன்றை அனுப்பி, வலை உலாவியில் அஞ்சல் பெட்டியைப் பார்க்க வேண்டும். சாளரத்தை மூடியும் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் சோதனை பொய்யான நம்பிக்கை தரும். வீட்டில் மறந்து திறந்து வைத்த மடிக்கணினிக்கும் இது பொருந்தும்.

பிரதி அனுப்பும் விதியில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி வரவில்லை. சேவையகம் `redirect` செய்யும் கடிதம் மூல அனுப்புநரின் பெயரிலேயே போகிறது. அதை எங்கள் சேவையகம் அனுப்புவதால், வெளியில் உள்ள பெட்டிகள், அனுப்புநரின் டொமைன் பெயரில் எந்தச் சேவையகங்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று கூறும் எஸ்.பி.எஃப். பட்டியலோடு ஒப்பிட்டுச் சந்தேகப்படலாம். மேலாளரின் முகவரி எங்கள் சேவையகத்திலேயே இருப்பதால் அவருக்குப் போகும் பிரதியில் இந்தச் சிக்கல் எழவில்லை. கொழும்பில் உள்ள இன்னொருவரின் தனிப்பட்ட முகவரிக்கு அனுப்பியபோது சில கடிதங்கள் எரிதப் பெட்டியில் விழுந்தன. அவருக்கு இப்போது எங்கள் சேவையகத்திலேயே ஒரு முகவரி கொடுத்திருக்கிறோம்; அவர் அதைத் தன் தொலைபேசியில் இரண்டாவது கணக்காகச் சேர்த்துக்கொண்டார்.