ஒரு லென்ஸ், ஒரு கொல்லை, ஓடாத பூச்சிகள்: பதினாலு மாச அனுபவம்

போன வருஷம் சித்திரையில் பாப்பாவுக்கு ஆறு வயசு ஆரம்பித்தபோது ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஆனி. இடையில் ஒரு லென்ஸ் வீணாய்ப் போய் இன்னொன்று வாங்கி, அதையும் இரண்டு தரம் தொலைத்துக் கண்டுபிடித்தாகிவிட்டது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மன்னார்குடி பக்கம். பின்னால் ஒன்றரை சென்ட் கொல்லை, அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, வேலியில் அவரைக்கொடி, சன்ஷேடுக்குக் கீழே வீடு கட்டியபோது மிஞ்சிய கொஞ்சம் ஆற்றுமணல், அவ்வளவுதான்.

முதலில் லென்ஸ். முதலில் வாங்கியது பிளாஸ்டிக், டப்பாவில் 10X என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது பொய். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் லென்ஸை நெருக்கிப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள், ஓரிடத்தில் வெளியே இருக்கும் மரம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும். அந்த இடத்தில் சுவருக்கும் லென்ஸுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து, 25-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று வந்துவிடும். எங்களுடையதில் 20 செ.மீ., அதாவது ஒன்றேகால் மடங்கு. கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு மடங்கு கூடும், அதற்கு மேல் போகாது. நிஜமான 10X என்றால் அந்தத் தூரம் 2.5 செ.மீ.தான் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட லென்ஸ் காசு அளவுதான் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்து 10X என்றால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வாங்கியது கண்ணாடி, 60 மி.மீ. அகலம், அளந்தால் 10 செ.மீ. வந்தது. அதாவது இரண்டரை மடங்கு. ஆறு வயசுக்கு இது போதும். ஆசைப்பட்டு நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன 10X லென்ஸும் ஒன்று வாங்கினேன். அதைக் கண்ணோடு ஒட்டிவைத்து, இலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டும், பாப்பாவால் முடியவில்லை. அதை நான்தான் பார்க்கிறேன்.

எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கவே ஒரு வாரம் ஆனது. குழந்தைகள் கையை நீட்டித் தூரமாகப் பிடிப்பார்கள், எல்லாம் தலைகீழாகத் தெரியும், "உடைஞ்சிருக்கும்மா" என்று கொடுத்துவிடுவார்கள். லென்ஸை இலைமேலேயே வை, அப்புறம் மெதுவா உன் பக்கம் தூக்கு, தெளிவாத் தெரிஞ்சதும் நிறுத்து. இந்த மூன்றையும் பாட்டு மாதிரி சொல்லிச் சொல்லித்தான் பழகியது.

முதல் சில மாசம் நான் செய்த தப்பு, பூச்சியைத் தேடிப் போனது. வண்ணத்துப்பூச்சி, தட்டான், வெட்டுக்கிளி எல்லாம் லென்ஸைக் கொண்டுபோவதற்குள் பறந்துவிடும், பாப்பாவுக்கு அழுகை வரும். ஆடிக்காற்றில் இலையே நிற்காது, அப்புறம் பூச்சி எங்கே தெளிவாகத் தெரிய. இரண்டரை மடங்கு லென்ஸுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிற பூச்சிதான் லாயக்கு என்று புரிந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

அதில் முதலில் கைகொடுத்தது குழியானை. எங்கள் பக்கம் களிமண், அதில் அது குழி பறிக்காது. சன்ஷேடுக்குக் கீழே நனையாமல் கிடந்த அந்த ஆற்றுமணலில் புனல் மாதிரி ஏழெட்டுக் குழிகள் இருந்ததை நான் அதுவரை கவனித்ததே இல்லை. ஒரு குழியை அடியோடு கரண்டியால் அள்ளி, டீ வடிகட்டியில் சலித்தால் சாம்பல் நிறத்தில் குண்டாக ஒன்று மிஞ்சும். அதை எவர்சில்வர் தட்டில் போட்டால் பின்பக்கமாகவே நடக்கும். லென்ஸில் பார்த்தால் தலைக்கு முன்னால் அரிவாள் மாதிரி இரண்டு வளைந்த தாடைகள், உள்பக்கம் பல் பல்லாக. தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மணல் போட்டு விட்டால் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து, தலையால் மணலை எற்றி எற்றிக் குழி பறிப்பதை முழுசாகப் பார்க்கலாம். உடனே ஆரம்பிக்காது, எங்களுடையது அரைமணி நேரம் செத்த மாதிரி கிடந்தது. இது வளர்ந்தால் தட்டான் போல இறக்கையோடு பறக்கும் என்றேன், பாப்பா இன்றுவரை நம்பவில்லை. ஐப்பசி மழையில் சாரல் அடித்து மணல் நனைந்ததும் குழிகள் எல்லாம் போய்விட்டன, மறுபடி மாசியில்தான் பார்த்தோம்.

மழைக்காலத்துக்குக் கறிவேப்பிலை. மழையில் துளிர் விட்டதும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று, பின் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு, துளிரையே சுற்றிக்கொண்டிருந்தது. அது போனதும் போய்ப் பார்த்தால் துளிர் இலையில் கடுகில் பாதி அளவுக்கு வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று. நாலாம் நாள் அது இல்லை, பக்கத்தில் காக்கை எச்சம் சொட்டின மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒரு துணுக்கு. எச்சம் என்று நான் துடைக்கப் போனேன், பாப்பாதான் லென்ஸை வைத்துவிட்டு "நெளியுதும்மா" என்றாள்.

முதல் புழுவை நாங்களே கொன்றோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர இலையோடு போட்டு மூடிவைத்தேன், மூடியில் ஓட்டைகூடப் போட்டேன். உள்ளே வேர்த்து, புழுக்கையில் பூஞ்சை பிடித்து, மூன்றாம் நாள் கறுத்துத் தொங்கிவிட்டது. கண்ணாடி உள்பக்கம் நீர் கோர்த்தாலே ஆபத்து என்று இப்போது தெரியும். அடுத்ததைச் செடியிலேயே விட்டு, அந்தக் கிளைக்கு மட்டும் பழைய கொசுவலைத் துணியைப் பை மாதிரி கட்டினோம். கிளையைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துவிட்டால் காற்றுக்கு ஆடாது, பார்ப்பதற்கு வசதி.

பன்னிரண்டாம் நாள் தோல் உரித்து ஒரேயடியாகப் பச்சையானது. முன்பக்கம் பெரிய கண் மாதிரி இரண்டு. அது கண்ணே இல்லை, வெறும் புள்ளி. நிஜத் தலை அதற்குக் கீழே மடங்கி இருக்கிறது, பக்கத்துக்கு ஆறு குட்டிப் புள்ளிகள், அவைதான் கண். நான் 10X லென்ஸில் பார்த்துத்தான் எண்ணினேன். கால்களை பாப்பா எண்ணினாள். "பூச்சிக்கு ஆறு காலுன்னீங்களே, இதுக்குப் பதினாறு இருக்கு." நான் திணறிப்போனேன். முன்னால் கூராக இருக்கும் ஆறுதான் கால், பின்னால் சதைப்பிடிப்பாக இருக்கிற பத்தும் இலையைப் பற்றிக்கொள்ள, வண்ணத்துப்பூச்சி ஆகும்போது அவை இருக்காது. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக பாம்பு நாக்கு மாதிரி பிளந்து ஒன்று வெளியே வரும், ஒரு நாற்றமும் அடிக்கும். ஒருநாளைக்கு ஒருதரத்துக்கு மேல் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன், ஓரளவு நடந்தது.

பதினெட்டாம் நாள் இடுப்பில் ஒரு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. இருபத்தெட்டாம் நாள் கூடு கறுத்து உள்ளே சிறகு தெரிந்தது, மறுநாள் காலை ஏழு மணிக்குள் வெளியே வந்து தொங்கியது. சிறகு விரியும்போது பழுப்பாக ஒரு சொட்டு விழுந்ததைப் பார்த்து ரத்தம் என்று பாப்பா பயந்துவிட்டாள். அது கழிவு, பயப்பட ஒன்றுமில்லை. எல்லாக் கூட்டிலிருந்தும் வண்ணத்துப்பூச்சி வராது என்பதையும் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. தை மாசம் வலை கட்டாமல் விட்ட ஒன்று பழுப்பேறி அப்படியே இருந்தது, கடைசியில் ஊசிமுனை ஓட்டை போட்டுக்கொண்டு கூட்டமாகக் குட்டிக் குளவிகள் வந்தன. எனக்கு வருத்தம், பாப்பாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

கறிவேப்பிலை மொட்டையானதில் அத்தைக்குக் கோபம். ரசத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். கடைக் கறிவேப்பிலையை மட்டும் புழுவுக்குப் போடாதீர்கள், என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ.

அடிபட்ட கதையும் ஒன்று உண்டு. முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அடை அடையாக உட்கார்ந்திருந்தது. ஓடாத பூச்சி என்று நான்தான் பழக்கிவிட்டேனே, பாப்பா லென்ஸோடு போய் மூக்கை ஒட்டிவிட்டாள். முன்கை முழுக்கத் தடித்துவிட்டது. தேய்க்காமல் செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் முடி வந்துவிடும், அப்புறம் சோப்புத் தண்ணீர். சாயங்காலம் அடங்கியது. அன்றிலிருந்து முடி உள்ள எதற்கும் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். இன்னொரு சட்டம், வெயிலில் லென்ஸ் கிடையாது. அவரைக்கொழுந்தில் அசுவினி பார்த்துக்கொண்டிருந்தபோது வெயில் புள்ளி விழுந்து நாலைந்து அங்கேயே பொசுங்கிவிட்டன. சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். பார்த்து முடிந்ததும் லென்ஸைத் துணிப்பையில் போட்டு மாட்டிவிடுகிறேன், திண்ணையில் கிடந்தால் பேப்பர் பற்றிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் லென்ஸ் நாலே மாசத்தில் மணல் கீறி மங்கிவிட்டது. கண்ணாடி இன்னும் நன்றாக இருக்கிறது, முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துடைக்கிறோம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, ராத்திரிச் சுவர். சம்பா நிற்கும் கார்த்திகை மார்கழியில் கொல்லை டியூப்லைட்டைச் சுற்றிச் சுவர் முழுக்கப் பூச்சி, அதில் பாதி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மடிப்பு ஸ்டூல் போட்டுப் பாப்பாவை நிற்க வைத்தேன். இறக்கை நுனியில் கறுப்பு வைத்த பச்சைத் தத்துப்பூச்சி, மஞ்சளாக, சிறகுக்கொரு கறுப்புப் பொட்டோடு குருத்துப்பூச்சி. மாமா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தவர், "எங்க, இங்க குடு" என்று லென்ஸை வாங்கி, பொட்டு வைத்ததுதான் பெண் பூச்சி, அதுதான் முட்டை வைக்கும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார். எண்ணினார்கள், பதினொன்று இருந்தது. மறுநாள் காலையில் லென்ஸைக் காணவில்லை என்று பாப்பா வீட்டைத் தலைகீழாக்கினாள். மாமா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போயிருந்தார்.