மூன்று மதிப்பாய்வாளர்கள், ஒரே கட்டுரை: திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

பள்ளியில் காலை உணவு கொடுக்க ஆரம்பித்தபின் மாணவர் வருகை கூடியதா என்று பார்க்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதிப்பாய்வுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. முதலாமவர், "உணவுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது" என்கிறார். இரண்டாமவர், "கொள்கைப் பரிந்துரையை இன்னும் அழுத்திச் சொல்லுங்கள்" என்கிறார். மூன்றாமவருக்குத் தாய்மார்களின் நேர்காணல் பகுதியே வேண்டாம்.

பலரும் செய்வது, குறிப்புகளை வந்த வரிசையிலேயே கோப்பில் திருத்திக்கொண்டு போவது. எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள், அட்டவணைத் தலைப்பு மாதிரியான விஷயங்களுக்கு இதுவே போதும், வேகமும்கூட. ஆனால் மேலே சொன்ன மாதிரி முரண்பாடு இருந்தால் கட்டுரை இரண்டாகப் பிளந்துவிடும். சுருக்கத்தில் "தொடர்பு தெரிகிறது" என்று இருக்கும், முடிவுரையில் "உணவால் வருகை உயர்ந்தது" என்று நிற்கும். கடைசியாகத் திருத்திய குறிப்பு முந்தையதைச் சத்தமில்லாமல் அழித்திருக்கும்.

இன்னொரு வழி, ஒரு வரியைக்கூடத் தொடாமல் முதலில் அட்டவணை போடுவது. மதிப்பாய்வாளர் வாரியாக இல்லை, பிரச்சினை வாரியாக. ஒவ்வொரு குறிப்புக்கும், முதலில் மதிப்பாய்வாளரின் எண், அடுத்து அவர் குறிப்பின் எண் என்ற முறையில் 1.2, 2.4 என்று எண் கொடுத்து, ஒரே இடத்தைத் தொடும் குறிப்புகளை ஒரே வரிசையில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் 1.2-உம் 2.4-உம் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள் என்று தெரியவரும்: இந்தத் தரவு எவ்வளவு தூரம் தாங்கும்? உணவு கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிடவில்லை என்றால், உணவுதான் காரணம் என்கிற வாதத்தை இந்தத் தரவு தாங்காது. எனவே "தொடர்பு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பரிந்துரையை அழுத்தலாம், ஆனால் "உடனே விரிவாக்குங்கள்" என்று அல்ல, "ஒப்பீட்டுப் பள்ளிகளோடு சோதித்துப் பாருங்கள்" என்று. இருவரும் கேட்டதற்கு நடுவே ஒரு மழுப்பல் வாக்கியம் போடுவதுதான் மிக மோசமான தீர்வு.

நேர்காணல் விஷயமும் இந்த முடிவிலிருந்தே தீர்ந்துவிடும். காரணத்தை எண்கள் நிறுவாதபோது, காலையில் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல அந்தப் பேச்சுதான் இருக்கிறது. அதனால் பகுதியை நீக்காமல், சுருக்கி விவாதப் பகுதிக்கு மாற்றலாம். மறுக்கிறோம் என்பதைப் பதில் கடிதத்தில் காரணத்தோடு எழுதினால் சரி. எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

முடிவெடுத்த பிறகு தலைப்பு, சுருக்கம், விவாதம், முடிவுரை நான்கையும் ஒரே அமர்வில் திருத்துவது நல்லது, மையக் கூற்று அங்கெல்லாம்தான் திரும்ப வரும். அப்புறம் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தொடர்ந்து படித்துப் பார்க்கலாம். ஒட்டு எங்கே தெரிகிறது என்பது அதிலேயே புலப்படும்.

அட்டவணைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பதில் கடிதம் மதிப்பாய்வாளர் வாரியாகத்தான் போக வேண்டும் என்பதால் எண்களை வைத்து மறுபடி பிரிக்கவும் வேண்டும். முரண்பட்டவர்களை நேரில் உட்காரவைத்துப் பேசுவது எளிது என்று தோன்றலாம். அலுவலக அறிக்கை என்றால் அதுதான் முதல் வழி. பெயர் தெரியாத மதிப்பாய்வில் அதற்கு இடமில்லை. தீர்க்கவே முடியாத முரண் என்றால் பதிப்பாசிரியருக்கு எழுதி, எந்தத் திசையில் போவது என்று திருத்தத்துக்கு முன்பே கேட்கலாம்.