பெற்றோர் பாலிசிக்கான பிரீமியத்தை முகவர் கணக்கில் போடாதீர்கள்

துபாயில் வேலை பார்க்கும் நான், சங்கரன்கோவிலில் இருக்கும் என் பெற்றோருக்காக எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு, தேவைப்பட்ட நேரத்தில் கைகொடுக்காமல் போனது. ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில், ஆண்டுதோறும் பிரீமியத்தை முகவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பிவந்தேன். பாலிசி மார்ச் 10 அன்று முடியவிருந்ததால் இம்முறையும் 6-ஆம் தேதியே அனுப்பிவிட்டேன். அவர் அதை நிறுவனத்தில் கட்டியது 19-ஆம் தேதி. இடையில், 14-ஆம் தேதி, அப்பா நிமோனியாவுடன் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அங்கே பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதியைக் கேட்டபோது பாலிசி நடப்பில் இல்லை என்று பதில் வந்தது. அப்பா தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து பில்லைக் கட்டிவிட்டு வந்தார். பிறகு அந்தச் செலவைத் திருப்பித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டதும் மறுக்கப்பட்டது. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டே என்று நானும் வாதாடினேன். அந்த நாட்களுக்குள் கட்டினால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிந்த ஆண்டுகள் போன்ற பழைய உரிமைகள் அறுபடாமல் தொடருமே தவிர, பணம் சேராத இடைப்பட்ட நாட்களில் நடந்த சிகிச்சைக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பதே அவர்களின் பதில். விதியும் அப்படித்தான் இருக்கிறது.

காப்பீட்டுச் சட்டத்தின் 64VB பிரிவு, முகவர் வசூலித்த பிரீமியத்தை, விடுமுறை நாட்கள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் ரசீது இல்லாமல் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போன தொகையைப் பிரீமியம்தான் என்று நிறுவுவது எளிதல்ல; அவரோ அதைக் கைமாற்று என்று கூசாமல் சொல்கிறார்.

நினைவூட்டல்கூட எனக்கு ஏன் வரவில்லை என்று பார்த்தபோதுதான், வெளிநாட்டு எண்ணைப் படிவம் ஏற்காது என்று சொல்லி அவர் தம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே பதிந்திருந்தது தெரிந்தது. உங்கள் பாலிசி அட்டவணையின் முதல் பக்கத்தை இன்றே பாருங்கள். அங்கே அம்மா அல்லது அப்பாவின் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். பிரீமியத்தை நிறுவனத்தின் தளத்திலேயே உங்கள் என்ஆர்ஓ கணக்கின் நெட் பேங்கிங் வழியாகக் கட்டி, புதிய அட்டவணையில் தொடக்க நாள், பழைய பாலிசி முடிந்த மறுநாளாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இன்னொரு சிக்கலையும் அப்போதுதான் கண்டேன். விண்ணப்பித்துப் பாலிசியை எடுத்தவர், அதாவது முன்மொழிபவர், நான் என்பதால், செலவழித்தவர் அப்பாவாக இருந்தும், கிளெய்ம் படிவத்தில் என் கையெழுத்தும் என் கணக்கின் ரத்து செய்த காசோலையும் கேட்டார்கள். படிவம் துபாய்க்கு வந்து திரும்பியது. அப்பாவையே முன்மொழிபவராக வைத்து மகன் பிரீமியம் கட்ட முடியுமா என்று எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிப் பரிமாற்றச் சான்றுடன் அதற்கான மனுவைத் தயார் செய்து வருகிறேன்.