பதினைந்து காய் ஆப்: பதினோரு மாதத்துக்குப் பிறகு

நேற்று அக்கா மகன் கேட்டான்: "மாமா, நீங்க டேப்லெட்ல ஆடுற அந்த நம்பர் நகர்த்துற ஆப் பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாலுக்கு நாலு பலகையில் 1 முதல் 15 வரை எண் போட்ட காய்களை, மிச்சமிருக்கும் ஒரே காலி இடத்துக்குள் தள்ளித் தள்ளி வரிசையாக்கும் ஆட்டம் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் கிடையாது, நெட் தேவையில்லை. ஒரே தேய்ப்பில் மூன்று காய்களைச் சேர்த்துத் தள்ளலாம், விரலுக்குக் கீழே நிஜமான மரக்கட்டை நகர்வது போலவே இருக்கும். இந்த வகையில் நான் ஆடிய ஆப்களில் கைக்கு இவ்வளவு இதமாக இருந்தது வேறு இல்லை.

ஆனால் வாங்கிய முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். பல ஆட்டங்களில் 1 முதல் 13 வரை ஒழுங்காக வந்து உட்காரும், கடைசி வரிசையில் 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறி நிற்கும். எவ்வளவு சுற்றினாலும் மாறாது. எனக்காவது சந்தேகம் வந்தது. அம்மா ஒரு மதியம் முழுக்க அந்த இரண்டு காய்களோடு போராடிவிட்டு, "எனக்கு வயசாயிடுச்சு போலப்பா, முன்ன மாதிரி ஓடல" என்று டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. தப்பு அவருடையதே இல்லை. அந்த ஆட்டத்துக்கு விடையே கிடையாது.

காய்களைக் கண்டபடி கலைத்துப் போட்டால் சரிபாதி அமைப்புகள் இப்படித்தான் இருக்கும். 1879-லேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் இதை எழுதிவிட்டார்கள். காரணம் எளிமையானது. பலகையைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். காலி இடம் கடைசியில் வந்து சேர வேண்டிய வலது கீழ் மூலை கறுப்பு. ஒரு காயை நகர்த்துவது என்றால் அந்தக் காயும் காலி இடமும் இடம் மாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காலி இடம் கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ போகும். அதோடு இடமாற்றக் கணக்கும் ஒன்று கூடும். ஆக, காலி இடம் கறுப்பில் இருந்தால் இரண்டிரண்டாக எடுத்து மாற்றி வைத்துப் பலகையை ஒழுங்காக்கத் தேவையான இடமாற்றங்கள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், வெள்ளையில் இருந்தால் ஒற்றைப்படையாக. இது பொருந்தாத பலகையில் விடிய விடிய ஆடினாலும் முடியாது. 3×3 ஆனாலும் 5×5 ஆனாலும் இதே விதிதான்.

இதை விளக்கி ஆப் செய்தவர்களுக்கு மெயில் போட்டேன். ஐந்தாவது மாதம் அப்டேட் வந்தது, 'இனி எல்லா ஆட்டத்துக்கும் விடை உண்டு' என்ற அறிவிப்போடு. அம்மாவிடம் நானே சந்தோஷமாகச் சொல்லி மறுபடி ஆட வைத்தேன். இரண்டாவது ஆட்டத்திலேயே அதே 14, 15.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு நோட்டை எடுத்து 40 ஆட்டங்களின் தொடக்க நிலையை எழுதி வைத்தேன். 18 ஆட்டம் முடியவில்லை. அவற்றில் ஒன்று இது:

```
 7   1   4   9
12   .   3  14
 2  15   6   8
11  13  10   5
```

இடமாற்றங்களை எண்ணச் சுலபமான வழி, சங்கிலி பிடிப்பது. 1-ன் இடத்தில் 7, 7-ன் இடத்தில் 3, 3-ன் இடத்தில் 4, அங்கிருந்து 9, 2, திரும்ப 1. ஆறு கண்ணிச் சங்கிலி. அதை ஒழுங்காக்க ஐந்து இடமாற்றம் போதும், எப்போதும் கண்ணிகளை விட ஒன்று குறைவு. அடுத்து 5-ன் இடத்தில் 12, பிறகு 8, 14, 13, 11, 6. ஆறின் இடம் காலி, அதை 16 என்று வைத்துக்கொண்டால் பதினாறாவது இடத்தில் 5. எட்டுக் கண்ணி, ஏழு இடமாற்றம். மிச்சம் 10-ம் 15-ம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று, ஒரு இடமாற்றம். மொத்தம் 13, ஒற்றைப்படை. காலி இடமோ மூலையிலிருந்து இரண்டு மேலே, இரண்டு இடப்பக்கம், அதாவது கறுப்பு. பொருந்தவில்லை.

நோட்டில் இருந்த 18 பலகையும் இப்படியே. ஒவ்வொன்றிலும் காலி இடம் கறுப்பில். வெள்ளையில் காலி இடம் வந்த ஆட்டம் ஒன்றுகூடத் தோற்கவில்லை. தற்செயலாக இப்படி அமையாது. விடை உண்டா என்ற சோதனை ஆப்பில் நடக்கிறது, ஆனால் தப்பான நேரத்தில் நடக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், அவர்களும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஆப் செய்துகொண்டிருந்தது இதுதான்:

```
shuffle(tiles)             # blank stays in corner
if odd(tiles): swap(0, 1)
swap(blank, randomTile)
```

முதல் வரி காய்களைக் கலைக்கிறது, இரண்டாவது வரி கணக்கு ஒற்றைப்படை என்றால் முதல் இரண்டு காய்களை மாற்றுகிறது. இரண்டும் சரி. காலி இடம் எப்போதும் மூலையிலேயே நிற்கக் கூடாது என்று, அதை ஏதோ ஒரு காயோடு இடம் மாற்றும் மூன்றாவது வரியைச் சேர்த்திருக்கிறார்கள். கலைத்து முடிப்பதற்குள் சோதித்துவிட்டு, அப்புறம் ஒரு இடமாற்றத்தைக் கூடுதலாகப் போட்டால் இரட்டைப்படை ஒற்றைப்படை ஆகிவிடுகிறது. காலி இடம் வெள்ளையில் போய் விழுந்தால் தப்பித்தோம். மூலையைத் தவிர மீதிக் கறுப்பு ஏழு, வெள்ளை எட்டு. எனவே 15-ல் 7 ஆட்டம் வீண். சோதனையே இல்லாத காலத்தில் பாதி போனது, சோதனை வந்த பிறகும் கிட்டத்தட்ட பாதி. அந்த இரண்டாவது வரியைக் கடைசிக்குக் கொண்டுபோய், காலி இடத்தின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் காலி இல்லாத இரண்டு காய்களை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்த பலகையிலிருந்து தொடங்கி ஆப்பே காய்களை நகர்த்திக் கலைத்தால் சோதனையே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அதில் விடை இல்லாத ஆட்டம் வராது. ஆனால் ஐம்பது அறுபது நகர்த்தலில் பலகை சரியாகக் கலைவதில்லை, பாதிக் காய்கள் தன் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். எனக்குக் கலைத்துவிட்டுச் சோதிக்கும் முறைதான் பிடிக்கும்.

படம் போட்டு ஆடும் வசதியில் இந்தக் கோளாறு வேறு வடிவில் வந்தது. நான் எடுத்த கடற்கரைப் படத்தை வைத்து ஆடினேன். மேல் வரிசையில் இரண்டு துண்டு வெறும் நீல வானம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒருநாள் படம் முழுதாகச் சேர்ந்துவிட்டது, படகு, அலை, வானம் எல்லாம் சரி. ஆனால் மேலே கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு வானமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஆப் காயின் எண்ணைத்தான் பார்க்கிறது. ஒரே மாதிரித் துண்டுகளை எங்கே வைத்தாலும் ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தப் படத்துக்கு எல்லாக் கலைப்பிலும் விடை உண்டு. இதையும் எழுதிப் போட்டேன், இன்னும் மாற்றவில்லை.

எண் ஆட்டத்தைப் போன மாதம் சரிசெய்துவிட்டார்கள். மறுபடி 40 பலகை எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. இன்றைக்கு ஆப்பில் பெரிய குறை இல்லை, விலையும் பாதி. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். வாங்காதே என்றுதான் மருமகனிடமும் சொன்னேன், வேண்டுமானால் என்னுடையதில் வந்து ஆடட்டும். மூன்று வரியின் வரிசையைச் சரிசெய்யப் பத்து மாதம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பத்து மாதத்தில் ஒரு மாதம் அம்மா தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா இப்போது தினமும் ஆடுகிறார். புதுப் பலகை வந்ததும் காயைத் தொடுவதில்லை. முதலில் சங்கிலி பிடித்து எண்ணி, காலி இடம் கறுப்பா வெள்ளையா என்று மூலையிலிருந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார்.