மரக்கறி முதலில், சோறு கடைசியில்: 14 மாத அனுபவம்

எனக்கு ஆறு வருடமாக சீனி வருத்தம். மெட்போமின் குளிசை மட்டும் எடுக்கிறேன். அட்டன் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பகல் சாப்பாடு என்றால், எல்லாக் கறியையும் சோற்றின் மேல் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதுதான். 14 மாதமாக அதைப் பிரித்துச் சாப்பிடுகிறேன். முதலில் ஒரு கோப்பை போஞ்சியோ கோவாவோ, கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு மீன். கால் மணி நேரம் கழித்துச் சோறு.

இது பலிக்கிறதா என்று பார்க்க, ஒரே அளவு சோறு, அதே கறி வைத்து நாலு நாள் பிசைந்தும் நாலு நாள் பிரித்தும் சாப்பிட்டு, விரலில் குத்திப் பார்த்தேன். பிசைந்து சாப்பிட்ட நாட்களில் ஒரு மணி நேரத்தில் சராசரி 212. பிரித்துச் சாப்பிட்டபோது 158! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

அப்புறம்தான் தவறு புரிந்தது. 12.30க்கு போஞ்சியில் கை வைத்தேன், 12.45க்குச் சோறு, 1.30க்கு குத்தினேன். சோறு உள்ளே போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அடுத்த நாலு நாள், சோற்றில் கை வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கணக்குப் பார்த்தேன்: 176. இரண்டாவது மணி நேரத்தில் பிசைந்ததற்கு 178, பிரித்ததற்கு 165. இந்த 13 புள்ளியை நான் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டு மெஷினே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். ஆனால் ஒரு மணி நேர உச்சம் உண்மையாகவே இறங்கியிருக்கிறது.

நியூயார்க்கில் கோர்னெல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குத்தான். மெட்போமின் எடுக்கும் 11 பேரில், பாணையும் தோடம்பழச் சாற்றையும் கடைசியில் கொடுத்தபோது ஒரு மணி நேர அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் அதில் பாதி கூட இல்லை. நாரும் புரதமும் முன்னே போனால் இரைப்பையிலிருந்து சாப்பாடு மெதுவாக இறங்குகிறது, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹோர்மோனும் கூடுகிறது. சோற்றில் உள்ள மாச்சத்து எங்கும் போய்விடவில்லை, மெதுவாக வருகிறது, அவ்வளவுதான். அதனால் சோற்றைக் கூட்டிப் போட்டால் பலன் அந்த இடத்திலேயே போய்விடும்.

நம் சாப்பாட்டில் சறுக்கும் இடம் கிழங்கு. உருளைக்கிழங்குப் பிரட்டலை மரக்கறி என்று முதலில் சாப்பிட்டால் சோற்றை முதலில் சாப்பிட்டது போலத்தான். பருப்பிலும் புரதத்தோடு மாச்சத்து இருக்கிறது. அதை நான் சோற்றோடு வைத்துக்கொள்கிறேன். காலையில் தேங்காய்ப்பூ ரொட்டிக்கு முன் வல்லாரைச் சம்பலும் முட்டையும். கட்டச்சம்பல் மட்டும் போதாது, அதில் நார் எவ்வளவு இருக்கப்போகிறது?

மூன்று மாதச் சீனி அளவு 8.1லிருந்து 7.6க்கு வந்தது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் அதே நாட்களில்தான் விட்டேன், அதனால் முழுப் பெருமையையும் வரிசைக்குக் கொடுக்க மாட்டேன். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்காமல் சோற்றைத் தள்ளிவைக்க வேண்டாம். ஊசி வேலை செய்யத் தொடங்கி, சோறு வராமல் இருந்தால் சீனி விழுந்துவிடும்.